முதலீட்டாளரிடம் காட்டும் கணிப்பில் எவ்வளவு பணம் கேட்பது?

கேள்வி: புதிதாகத் தொடங்கும் எங்கள் நிறுவனத்துக்கு லாபக் கணிப்பு போட்டுவிட்டேன். மொத்த நஷ்டம் சின்னதுதான், ஐந்தாம் மாதமே அடைபட்டுவிடுகிறது. முதலீட்டாளர் பணத்தேவைக் கணிப்பும் தனியாகக் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. நானும் முதல் தடவை அப்படி நினைத்துத்தான் போனேன். முதலீட்டாளர் லாபக் கணக்கை அரை நிமிடம் பார்த்துவிட்டு, "உங்கள் கணக்கில் பணம் எந்த மாதம் ஆகக் குறைவாக இருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கூட்டம் அத்தோடு முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவியை மற்ற நிறுவனங்களுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். விலை 10, அடக்கம் 6. எந்த நாணயமானாலும் சரி. சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 80. முதல் மாதம் 10 கருவி விற்கிறது, அப்புறம் மாதத்துக்கு 5 கூடுகிறது. முதல் மாதம் 40 நஷ்டம், இரண்டாம் மாதம் 20, மூன்றாம் மாதம் சரிக்குச் சரி, நான்காம் மாதத்திலிருந்து லாபம். மொத்த நஷ்டம் 60ஐத் தாண்டவே இல்லை, ஐந்தாம் மாத முடிவில் அதுவும் அடைபட்டுவிடுகிறது. நீங்கள் சொன்ன அதே நிலைமை.

இனி பணம் கை மாறும் நாளைப் பாருங்கள். வாங்குபவர்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். கருவியைச் செய்து தருபவரோ ஒரு மாதம் முன்னதாகவே முழுப் பணம் கேட்கிறார். விற்பனை தொடங்கும் முன்பே 60 போய்விடுகிறது. முதல் மாதம் சம்பளம், வாடகைக்கு 80, அடுத்த மாதச் சரக்குக்கு 90, வரவு பூஜ்யம். மூன்றாம் மாதம்தான் முதல் 100 கைக்கு வருகிறது, அதற்குள் மாதச் சரக்குச் செலவே 150 ஆகிவிட்டது. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் ஒன்பதாம் மாத முடிவில் 920 பள்ளம். அந்த மாதம் மட்டும் லாபம் 120! பத்தாம் மாதம்தான் பள்ளம் மெல்லத் தூரத் தொடங்குகிறது.

ஆக, லாபக் கணக்கை மட்டும் நம்பி 100 கேட்டிருந்தால் முதல் மாதமே கை காலியாகியிருக்கும்.

இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஒன்பதாம் மாதம் வரை சேர்ந்த லாபம் 360. பணமோ மைனஸ் 920. இடைவெளி 1280. வாங்கியவர்களிடம் நிற்கும் பாக்கி 950 (எட்டாம், ஒன்பதாம் மாத விற்பனை), சரக்குக்குக் கொடுத்த முன்பணம் 330. கூட்டினால் 1280. இது பொருந்தவில்லையென்றால் ஷீட்டில் எங்கோ பிழை. அதைக் கண்டுபிடிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஷீட்டில் மாதாமாதம் சேர்ந்த பணநிலையை ஒரே வரிசையில், உதாரணமாக 20ஆம் வரிசையில் வைத்து, பள்ளத்தின் ஆழத்தை இப்படி எடுக்கலாம்:

```
=MIN(B20:Z20)
```

பணம் வர எத்தனை மாதம், விலை, அடக்கம், மாத வளர்ச்சி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். எண்களைச் சூத்திரத்துக்குள்ளேயே அடித்துவைத்தால், "பணம் இன்னும் ஒரு மாதம் தாமதமானால்?" என்று முதலீட்டாளர் கேட்கும்போது திணறுவீர்கள். கண்டிப்பாகக் கேட்பார். மேலே உள்ள கணக்கில் அதற்கு விடை 1380. மாறாக, சரக்குக்கு முன்பணம் தராமல் விற்கும் மாதத்திலேயே பணம் கொடுப்பதாகப் பேசி முடித்தால் பள்ளம் 610 ஆகச் சுருங்கும். ஒரு பேச்சுவார்த்தையில் 310 மிச்சம்; அதற்காக உங்கள் பங்கை யாருக்கும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. முதலீட்டாளரைப் பார்க்கும் முன் சரக்கு தருபவரைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

விற்பனை வேகமாக வளர்ந்தால் பள்ளம் ஆழமாகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கியும் முன்பணமும் விற்பனையோடு சேர்ந்தே ஏறும். "நன்றாகப் போனால்" என்ற கணக்குக்கும் தனியாகப் பள்ளம் பாருங்கள்.

தேய்மானம் லாபக் கணக்கில் மட்டும் வரும், பணக் கணக்கில் வராது. இயந்திரம் வாங்கினால் நேர்மாறு: பணம் அன்றைக்கே போய்விடும். கடன் அசலைத் திருப்பிக் கட்டுவது லாபத்தைத் தொடாது, பணத்தைத் தொடும். விற்பனை வரியைப் பில் போட்ட மாதமே கட்டவேண்டிய முறை என்றால், வராத பணத்துக்கு நீங்கள் முன்கூட்டிக் கட்டுவீர்கள். அதற்கும் ஒரு வரிசை வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் 920 கேட்கமாட்டேன், 1380ஐ ஒட்டிக் கேட்பேன். ஏன் அந்த எண் என்று கேட்டால், தாமதக் கட்டத்தில் 2ஐ 3 ஆக மாற்றி அவர் கண்ணெதிரிலேயே காட்டலாம். ஒவ்வொரு அனுமானத்தின் பக்கத்திலும் அது கையெழுத்தான ஆர்டரிலிருந்து வந்ததா, விலைப்புள்ளியிலிருந்தா, வெறும் ஊகமா என்று ஒரு சொல் எழுதிவையுங்கள். ஊகம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் ஓடிப்போனதாக எனக்குத் தெரியாது.