இரண்டாவது இட்லியிலேயே நிறைந்துவிடும் வயிறு

கேள்வி: எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் பாதிச் சாப்பாட்டிலேயே வயிறு நிறைந்து மேல்வயிறு கனக்கிறது. தினமும் எப்படிச் சமாளிப்பது?

நான்கு ஆண்டுகளாக இதே தொல்லையுடன் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எண்டோஸ்கோப்பி இரைப்பையின் உட்சுவரில் புண்ணோ கட்டியோ இருந்தால் காட்டும். இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. உணவு இறங்கும்போது இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். நம்மைப் போன்ற பலருக்கு அந்தத் தளர்ச்சி போதாது. சிலருக்கு உள்ளே போன உணவு மெதுவாகவே வெளியேறும். சாதாரண விரிவைக்கூட நரம்புகள் வலியாக உணர்வதும் உண்டு. ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்பது இதைத்தான். ஆகவே உங்கள் கனம் கற்பனையன்று.

எனக்கு வழிகாட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், கனம் எப்போது இறங்கியது என்று இரண்டு வாரம் எழுதினேன். சாம்பாருடன் இரண்டு இட்லி சாப்பிட்ட நாளில் பத்து மணிக்கெல்லாம் வயிறு இலேசாகிவிட்டது. நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிட்ட நாளில் மதியம் ஒரு மணிக்கும் கல்லைக் கட்டியது போலிருந்தது. காரம்தான் காரணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் இரைப்பை காலியாவது மந்தமாகும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் கணக்குப் புரிந்தது.

இப்போது மூன்று வேளை உணவை ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறேன்: எட்டு மணிக்கு இரண்டு இட்லி, பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழம், ஒன்றரைக்கு ஒரு கிண்ணம் குழைந்த ரசம் சாதம், ஐந்துக்குச் சிறிது சுண்டல், இரவு எட்டுக்கு இரண்டு இடியாப்பம். சுண்டல் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை விட்டுவிடலாம். சாப்பிடும்போது அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிப்பதில்லை. மீதியை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கிறேன். பயந்து உணவைக் குறைத்துக்கொண்டே போவது பெரிய தவறு என்பதால் வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன்.

இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபாக்டர் பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மூட்டுவலி மாத்திரை எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி முன்பு சில வாரங்கள் எடுத்தேன். எரிச்சல் தணிந்தது, கனம் தணியவில்லை. பிறகு என் மருத்துவர் இரவில் 10 மி.கி. அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தார். மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று தயங்கினேன். இந்தச் சிறு அளவு நரம்பின் மிகையுணர்வைத் தணிப்பதற்காகவே என்றார். பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. ஆரம்பத்தில் வாய் வறட்சியும் காலைத் தூக்கமும் இருந்தன. இதை நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், திரும்பத் திரும்ப வாந்தி, கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.