வினாவின் கடைசி வரி

கேள்வி: தேங்காய் எண்ணெய் ஆலைக் கணக்கில் நடப்பு விகிதம் 2:1, கடன்-பங்கு விகிதம் 0.8:1 என்று போட்டேன். இரண்டுமே தப்பு என்கிறார் டீச்சர். வினாத்தாளை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– பிளஸ் டூ வணிகவியல் மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வகுத்ததெல்லாம் சரி. வினாவின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைத்தான் படிக்காமல் விட்டுவிட்டீர்கள்: ‘வங்கிக் கடனில் ரூ.50,000 ஓராண்டுக்குள் செலுத்த வேண்டியது.’

ஆலையின் பங்கு முதல் 2,00,000, காப்பு நிதி 50,000. நீண்டகால வங்கிக் கடன் 2,00,000. சரக்கு தந்தவர்களுக்குப் பாக்கி 60,000, ஓவர்டிராஃப்ட் 40,000. எதிர்ப்பக்கம் கட்டடமும் இயந்திரமும் 3,50,000. கொப்பரை இருப்பு, வரவேண்டிய பாக்கி, ரொக்கம் மூன்றும் சேர்ந்து 2,00,000.

ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை நடப்புப் பொறுப்பு. அந்த 50,000-ஐ நீண்டகாலக் கடனிலிருந்து எடுத்து நடப்புப் பொறுப்பில் சேருங்கள். நடப்புப் பொறுப்பு 1,50,000 ஆகும்; நடப்புச் சொத்து 2,00,000-ஐ அதனால் வகுத்தால் 1.33:1. நீண்டகாலக் கடன் 1,50,000 ஆகக் குறையும். அதைப் பங்குதாரர் நிதி 2,50,000-ஆல் வகுத்தால் 0.6:1. (எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் புத்தகத்தில், இதற்குப் புற அகப் பொறுப்பு விகிதம் என்று பெயர். பெயர் மாறினாலும் கணக்கு இதேதான்.)

கூட்டுத்தொகை இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. தவணையை நீண்டகாலக் கடனில் வைத்தாலும் நடப்புப் பொறுப்பில் வைத்தாலும் மொத்தம் 5,50,000-தான். ஓவர்டிராஃப்டும் அப்படியே. ‘வங்கி’ என்ற சொல்லைப் பார்த்து அதை நீண்டகாலக் கடனில் தள்ளுகிறவர்கள் உண்டு. குறிப்பே இல்லாத கணக்கில்கூட அப்படிச் செய்தால் நடப்பு விகிதம் 3.33 ஆக வீங்கிவிடும். வங்கி எப்போது கேட்டாலும் திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், தவணைக் காலத்தைப் பாருங்கள்.

உங்கள் கருத்துரைக்கும் மதிப்பெண் போயிருக்கும். ‘2:1 என்பது இரண்டுக்குமே உகந்த அளவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எண் ஒன்றுதான், திசை வேறு. நடப்பு விகிதம் 2-க்குக் கீழே இறங்கினால் கவலை. கடன்-பங்கு விகிதம் 2-க்கு மேலே ஏறினால் கவலை.

0.8, 0.6 ஆனதைப் பார்த்து ‘கடன் சுமை குறைந்தது’ என்றும் எழுதிவிடாதீர்கள். ஒரு ரூபாய்கூட அடைபடவில்லை, கெடுதான் நெருங்கியிருக்கிறது. ‘நீண்டகாலக் கடன் பங்குதாரர் நிதிக்குள் அடங்குகிறது, ஆனால் ஓராண்டுக்குள் தர வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் 1.33 ரூபாய்ச் சொத்துதான் இருக்கிறது, அதிலும் ஒரு பகுதி விற்காத கொப்பரை’ என்று எழுதுங்கள்.