ஓணத்துக்கு விற்பனை ஏறியும் காசு இல்லை

"மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஓண சமயத்தில் விற்பனை கூடியும் கையில் காசு நிற்பதில்லை. ரொக்கத் திட்டம் எப்படிப் போடுவது?"

விற்றதை எழுதாமல், எந்த மாதம் எவ்வளவு வசூலாகும் என்று எழுதுங்கள். கடைக்காரர்கள் 40% உடனே, 60% அடுத்த மாதம் தருவதாக வைப்போம். ஜூலை விற்பனை 2 லட்சம், ஆகஸ்ட் 3 லட்சம். ஆகஸ்டில் கைக்கு வருவது 1,20,000 + ஜூலை பாக்கி 1,20,000, ஆக 2,40,000 தான்.

செலவோ காத்திருக்காது. காய்க்கும் எண்ணெய்க்கும் 1,80,000, கூலி, வாடகை, கடன் தவணை 90,000, மொத்தம் 2,70,000. தொடக்க இருப்பு 10,000 போக 20,000 துண்டு விழும்.

செப்டம்பர் விற்பனை 1.5 லட்சமாகக் குறைந்தாலும் வசூல் 60,000 + 1,80,000. செலவு 1,60,000 என்றால் 80,000 மிச்சம். பழைய துண்டை அடைத்தபின் 60,000 நிற்கும். ஆக, தேவை ஒரு மாதக் கைமாற்றுதான்.

தவணையில் அசலையும் சேருங்கள். அடுப்பின் தேய்மானம் வேண்டாம், அது ரொக்கமாக வெளியே போவதில்லை. அப்புறம், ஆகஸ்டை மட்டும் வாரவாரியாகப் பிரியுங்கள். காய்க்கு முதல் வாரமே பணம் போய், வசூல் கடைசியில் வந்தால், நடுவில் பள்ளம் 20,000-ஐ விட ஆழமாக இருக்கும்.