நான்கு மாதம் மதுவைத் தொடாத ஒருவரை எது இழுத்தது?

வணக்கம். என் தம்பிக்கு 38 வயது. பதினைந்து வருடக் குடி. போன வருடம் ஓசூர் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் நான்கு மாதம் இருந்தான். முதல் வாரம் கை நடுக்கம், தூக்கமே இல்லை, அப்புறம் தேறிவிட்டான். பார்க்கப் போகும்போதெல்லாம் "அந்த நினைப்பே வரலக்கா" என்பான். திருச்சிக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் சாயங்காலம் போனுக்குக் கவர் வாங்கப் போனவன் குடித்துவிட்டு வந்தான். உடம்பில் ஒரு சொட்டுகூட இல்லாதபோது எது அவனை இழுத்தது? அங்கே எங்களிடம் நடித்தானா? சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா?
— கே., திருச்சி

அன்புள்ள கே,

நடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓசூரில் நினைப்பு வராததற்கும் திருச்சியில் ஐந்தே நாளில் வந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

முதல் வாரத்து நடுக்கம் வேறு கணக்கு. தினமும் மதுவுக்குப் பழகிய நரம்புகள் திடீரென்று அது இல்லாமல் தடுமாறுவது அது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்கள் அது அடங்கியதும் குடியே போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் உங்கள் தம்பியை இழுத்தது உடம்பில் மிச்சமிருந்த மது இல்லை, மூளை படித்து வைத்திருந்த பாடம்.

வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்களில் மெல்லிய மின்முனையை வைத்து, குரங்கின் வாயில் சில துளி பழச்சாறு விட்டார். எதிர்பாராமல் சாறு வந்ததும் செல்கள் படபடவென்று துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். பலமுறை இப்படி நடந்ததும் துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது, சாறு வரும்போது செல்கள் சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. ஆக டோபமைன் என்பது வெறும் சந்தோஷ ரசாயனம் இல்லை (வாட்ஸ்அப்பில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது). எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைத்தால் அதைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் அடையாளத்தோடு அதை முடிச்சுப் போடும் வேலை அதனுடையது.

சாப்பாட்டில் இந்தப் பாடம் ஓரிடத்தில் முடிந்துவிடும், எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி கிடைத்தால் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. மது அப்படியில்லை. எதிர்பார்த்தாலும் எதிர்பார்க்காவிட்டாலும் அது தன் ரசாயனத்தாலேயே டோபமைனை உயர்த்திவிடுகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் 'நினைத்ததைவிட நன்றாக இருந்தது' என்றே பதிவாகிறது என்பது ஒரு விளக்கம். பதினைந்து வருடம் தினமும் இப்படிப் பதிவானால் என்ன ஆகும்? சாயங்காலம் ஆறு மணி, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட்டைக் கடிக்கும் சத்தம், ஒரு குறிப்பிட்ட நண்பரின் போன், பஜாரில் அந்தத் திருப்பம், எல்லாமே அந்த விளக்காகிவிடும். போன் கடைக்குப் போகும் வழியில் இவற்றில் எத்தனை இருந்தன என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள்.

சரி, நான்கு மாதம் சும்மா இருந்தால் பாடம் மறந்துபோகாதா? 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அதில் எலிகள் நெம்புகோலை அழுத்தினால் கொகெய்ன் கிடைக்கும், கூடவே விளக்கும் ஒலியும் வரும். அப்புறம் மருந்தை நிறுத்தி எலிகளைச் சும்மா விட்டுவிட்டார்கள். வெவ்வேறு நாட்கள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தபோது, அழுத்தினால் விளக்கும் ஒலியும் மட்டும்தான், மருந்து கிடையாது. நிறுத்திய மறுநாள் எலிகள் கொஞ்சமாகத்தான் அழுத்தின. வாரங்கள் போகப் போக அழுத்துவது கூடிக்கொண்டே போய், 60ஆம் நாள் மிக அதிகமாக இருந்தது. இன்னும் நீண்ட சோதனைகளில் ஆறு மாதம் ஆனபோது குறைந்தது, ஆகவே என்றைக்கும் ஏறிக்கொண்டே போகும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் குடியை விட்ட மனிதர்களிடமும் இந்தப் போக்கைப் பார்த்திருக்கிறார்கள்: மதுவை நினைவூட்டும் அடையாளங்களைக் காட்டினால், முதல் வாரத்தில் எழும் வேட்கையைவிட இரண்டு மாதம் கழித்து எழுவது அதிகம்.

எலிக்கு மருந்தே வராத பெட்டியில் திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்த விட்டால் ஒரு கட்டத்தில் விட்டுவிடும். பழைய பாடம் அழிந்துவிட்டதா என்றால் இல்லை, 'இங்கே கிடைக்காது' என்று இன்னொரு பாடம் அதன் மேல் உட்காருகிறது. அந்த 'இங்கே'தான் சிக்கல். எலியை மருந்து கிடைத்த பழைய பெட்டிக்கு மாற்றினால் மறுபடி அழுத்த ஆரம்பித்துவிடும். ஓசூரில் உங்கள் தம்பிக்குப் படிந்தது ஓசூருக்கான பாடம். திருச்சி பஜாரைப் பற்றி அங்கே அவர் புதிதாக எதையும் படிக்கவில்லை.

இதையே தலைகீழாகத் திருப்பிப் போட்ட ஒரு நிகழ்வு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். அவர்கள் பழகிய இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. (எல்லாம் இடத்தால் என்று சொல்ல முடியாது, ஊரில் ஹெராயின் விலை அதிகம், வேலை, குடும்பம் என்று வேறு காரணங்களும் இருந்தன.) உங்கள் தம்பியோ எங்கே பழகினாரோ அங்கேயே திரும்பி வந்திருக்கிறார்.

அதனால் அடுத்த முறை திட்டம் போடும்போது, மையத்தில் எத்தனை மாதம் என்பதைவிட வந்த பிறகு சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை என்ன என்பதைப் பேசுங்கள். முதல் சில மாதங்களுக்கு அந்தத் திருப்பம் வேண்டாம், போக வேண்டியிருந்தால் ஆள் துணையோடு போகட்டும். வேட்கை எழுந்தாலும் அப்படியே நிற்பதில்லை, அந்த இடத்தை விட்டு விலகி எதுவும் குடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கும். அடையாளங்கள் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் பழைய பாடத்தைக் கிளப்பும்: ஒரே ஒரு கட்டிங், அப்புறம் மன அழுத்தம். சாயங்காலம் வாசலில் நிற்கவைத்து 'ஊதிக் காட்டு' என்று சண்டை போடுவது இந்த இரண்டாவதில்தான் சேரும்.

மாத்திரை விஷயம். தெரியாமல் கலந்து கொடுக்கவே கொடுக்காதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக டைசல்ஃபிரம். அது வேட்கையைத் தொடுவதே இல்லை. மது உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு உடம்பில் தேங்கும்படி செய்யும், குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். தெரிந்து சாப்பிடுகிறவர் அந்தப் பயத்தில் குடிக்காமல் இருப்பார். தெரியாதவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். நால்ட்ரெக்ஸோன் என்று வேறொன்று உண்டு, குடி தரும் கிளர்ச்சியைக் குறைக்கும், வேட்கையும் பலருக்குக் குறைகிறது. கல்லீரல் சோதனை பார்த்து மனநல மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆகாது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னாலேயே கேளுங்கள். இப்போது மறுபடி தினமும் குடிக்கிறார் என்றால் வீட்டில் பூட்டி வைத்துச் சட்டென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம், நிறுத்துவதையும் மருத்துவர் கண்காணிப்பில் செய்யுங்கள்.