ஐந்தடிப் பாட்டுக்கு இரண்டு பேர் சண்டை

"குடியாத்தம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு சின்னப் பாட்டின் பொருளை வைத்து இரண்டு மாணவிகள் வாதாடுவது போல உரையாடல் எழுதி வாசிக்க வைத்தேன். உரைநூலை இரண்டு பேர் பங்கு போட்டுப் படித்தது போல இருந்தது. எப்படி எழுத வேண்டும்?"

முதலில் பாட்டைப் பாருங்கள். ஒரே பொருள்தான் வரும் என்றால் அதில் வாதாட எதுவும் இல்லை. ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி விளக்குவாள், அது பாடம்தான். பாட்டின் சொற்களே ஒன்றையொன்று எதிர்க்க வேண்டும். நான் வகுப்பில் எடுப்பது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது:

யாரும் இல்லை தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

களவில் மணந்தவன் ஊரறியக் கல்யாணம் செய்யாமல் நாளைக் கடத்துகிறான். தலைவி அதைத் தோழியிடம் சொல்கிறாள். முதல் அடியில் 'யாரும் இல்லை', கடைசி அடியில் 'குருகும் உண்டு'. இந்த இரண்டையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டால் சண்டை தானாக நடக்கும்.

கோமதி: நஸ்ரின், முதல் அடியிலேயே சொல்லிட்டா. யாரும் இல்லை. சாட்சியே கிடையாது.
நஸ்ரின்: அப்போ 'குருகும் உண்டு'ன்னு சொல்றாளே கோமதி, அது யாரு?
கோமதி: அது கொக்குடி. கொக்கு பஞ்சாயத்துல வந்து பேசுமா?
நஸ்ரின்: பேசாது. ஆனா பார்த்திருக்கும் இல்ல?
கோமதி: எதைப் பார்த்துச்சு? 'ஆரல் பார்க்கும்'. ஓடுற தண்ணில ஆரல் மீன் வருதான்னு பார்த்துச்சு. இவளைப் பார்க்கவே இல்லை.
நஸ்ரின்: சரி, பார்க்கலைன்னே வெச்சுக்கோ. அப்புறம் எதுக்கு அதோட கால் வரைக்கும் சொல்றா? தினைத்தாள் மாதிரி, சின்னதா, பச்சையா. நம்ம கேவுரு தாள் மாதிரி.
கோமதி: அது எப்படி இவளுக்குத் தெரியும்?
நஸ்ரின்: இவ பார்த்திருக்கா. கொக்கு இவளைப் பார்க்கலை. இவதான் கொக்கைப் பார்த்தா.
கோமதி: அப்போ அந்த நாள் இவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. ஆனா அவன் பொய் சொல்லிட்டா? 'யானெவன் செய்கோ'ன்னுதானே கேட்கிறா.
நஸ்ரின்: எவன்? எந்த ஆளு?
கோமதி: ஆள் இல்லை. 'எவன்'னா 'என்ன'. நான் என்ன செய்வேன்.

முதலில் எழுதியபோது 'ஆரல்', 'எவன்' இரண்டுக்கும் நஸ்ரினை அர்த்தம் கேட்க வைத்தேன். வாசித்தபோது வகுப்பு தூங்கியது. இப்போது ஆரல் கோமதியின் வாதத்துக்கு ஆதாரமாக வருகிறது. எவன், நஸ்ரினின் தவறாக வருகிறது. 'எவன்' என்றதும் ஆளைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அந்தத் தவறைப் பாத்திரமே செய்துவிட்டால் கேட்பவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

இரண்டு பேரும் மாறி மாறி விட்டுக்கொடுப்பதைக் கவனியுங்கள். 'பார்க்கலைன்னே வெச்சுக்கோ' என்று நஸ்ரின் இறங்கி வந்த பிறகுதான் கால் பற்றிய நல்ல கேள்வி பிறக்கிறது. எல்லா வாதத்தையும் ஒருத்தியே ஜெயித்தால் அடுத்தவள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் உரையாடலில் ஒருத்தியின் பேச்சை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் முழு விளக்கமாக நின்றால் அவள் அங்கே தேவையே இல்லை என்று தெரிந்துவிடும்.

காதால் கேட்பவர்களுக்குப் பேச்சுக்கு முன் எழுதிய பெயர் தெரியாது. அதனால்தான் முதல் இரண்டு பேச்சிலும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பேச்சு ஒரே மூச்சில் முடிவதாக இருக்கட்டும். மூச்சு வாங்கினால் வெட்டுங்கள்.

பாட்டை இரண்டு முறை வாசிக்க வையுங்கள், முன்பும் பின்பும். பழைய ஓலை ஏட்டில் நிறுத்தக்குறி கிடையாது. எங்கே நிறுத்துகிறோமோ அங்கே பொருள் மாறும். 'யாரும் இல்லை' என்று நிறுத்தி 'தானே கள்வன்' என்றால், யாருமே இல்லை, கள்வன் அவனேதான் என்று குற்றம் சாட்டுகிறாள். 'யாரும் இல்லை தானே' என்று நிறுத்தி, மெதுவாகக் 'கள்வன்' என்றால், அவனைத் தவிர அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வனைத் தவிர என்றாகிறது. இரண்டாவதில் 'குருகும்' என்பதன் 'உம்' அழகாகப் பொருந்துகிறது: அவன் இருந்தான், குருகும் இருந்தது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் கோமதி முதல் மாதிரி வாசிக்கட்டும், முடிவில் நஸ்ரின் இரண்டாவது மாதிரி வாசிக்கட்டும். என்ன மாறியது என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.