இருபது பக்க பிராஸ்பெக்டஸை ஒரு தாளுக்குள் அடக்குவது

கேள்வி: ஐயா, மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க மூன்று சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பிராஸ்பெக்டஸ் வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் இருபது பக்கத்துக்கு மேல். படித்து முடித்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரிகிறது. ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்க என்ன வழி?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: பள்ளி நிர்வாகத்தில் இருந்தபோது இந்தப் புத்தகங்களை எழுதிக் கொடுத்தவன்தான் நான். போன வருடத்துப் புத்தகத்தில் படங்களை மாற்றுவோம். முதல்வர் செய்தி அப்படியே இருக்கும். ஒரு பேனாவை எடுத்து, எண்ணோ, உண்டு இல்லை என்ற பதிலோ இல்லாத வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’ போய்விடும். இருபது பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரி மிஞ்சினால் அதிகம்.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, மேலே மூன்று பள்ளிகளின் பெயரையும் இடது ஓரத்தில் மிஞ்சிய விஷயங்களையும் எழுதுங்கள். புத்தகத்தில் பதில் இல்லாத கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். அது எந்தப் பள்ளிக்கு அதிகம் விழுகிறது என்பதே ஒரு தகவல்.

கட்டணத்தில்தான் ஏமாறுவோம். ஒரு பள்ளி ‘டேர்ம் ஃபீஸ் 16,500’ என்று போடும். இன்னொன்று ‘ஆண்டுக் கட்டணம் 72,000’ என்று போடும். முதலாவது மலிவாகத் தெரியும். மூன்று டேர்முக்கு 49,500 ஆயிற்றா? அட்மிஷன் 20,000, புத்தகம் 8,000, யூனிஃபார்ம் 6,500, வேனுக்கு மாதம் 1,800 வீதம் 11 மாதம் 19,800. முதல் வருடம் 1,03,800. அடுத்த வருடங்களில் அட்மிஷன் போக 83,800. இரண்டாவது பள்ளியில் புத்தகம் கட்டணத்திலேயே அடக்கம், அட்மிஷன் 5,000, யூனிஃபார்ம் 5,000, நடந்து போகும் தூரம் என்று வையுங்கள். முதல் வருடம் 82,000, பிறகு 77,000. கட்டணம் ஏறாது என்று வைத்தாலே மூன்று வருடத்துக்கு முதல் பள்ளி 2,71,400, இரண்டாவது 2,36,000. தாளில் முதல் வருட மொத்தம், மூன்று வருட மொத்தம் என இரண்டே வரி போதும். வேனுக்குப் பத்து மாதமா பன்னிரண்டு மாதமா என்று கேட்க மறக்காதீர்கள்.

அடுத்தது ‘100% தேர்ச்சி’. எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். அதற்கு முந்தைய வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஒன்பதில் 84, பத்தில் 61 என்றால், 23 பிள்ளைகள் எங்கே போனார்கள்? உங்கள் மகள் எல்.கே.ஜி.தான். ஆனால் படிப்பில் பின்தங்கும் பிள்ளையைப் பள்ளி எப்படி நடத்தும் என்பதை அந்த 23 சொல்லும்.

இதில் பாதிக்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற பள்ளி தன் இணையதளத்தில் Mandatory Public Disclosure என்ற பக்கம் வைக்க வேண்டும். இணைப்பு எண், கட்டண விவரம், ஆசிரியர் எண்ணிக்கை, மூன்று வருடத் தேர்வு முடிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல பள்ளிகள் அதை யார் கண்ணிலும் படாத மூலையில், சாய்ந்த ஸ்கேனாகப் போட்டிருக்கும். விதி போட்டவர்கள் அதைத் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

‘சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்’ என்று மட்டும் போட்டிருந்தால் இணைப்பு எண் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. புதிதாகத் தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் நடத்துகிற பள்ளிக்கு இன்னும் பத்தாம் வகுப்புக்கான இணைப்பு வந்திருக்காது. அது தவறில்லை, தேர்வு முடிவும் அங்கே இருக்காது, அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். ஆனால் ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்பது இணைப்பு அல்ல. விண்ணப்பத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். மாநில அரசின் அங்கீகார ஆணையையும் பார்த்து, அது எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை என்பதை அப்படியே தாளில் எழுதுங்கள். ஏழெட்டு வருடமாக நடக்கும் பள்ளி இதே பதிலைச் சொன்னால் அந்தக் கட்டத்தைச் சிவப்பில் எழுதுங்கள்.

அப்புறம், ஒப்பீட்டுத் தாளை இலவசமாகத் தயாரித்துத் தருகிற ‘அட்மிஷன் கன்சல்டன்ட்’ வருவார். அவருக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளி கமிஷன் தருகிறது. கமிஷன் தராத பள்ளி அவருடைய தாளில் இருக்காது. ‘சீட் வாங்கித் தருகிறேன்’ என்று நன்கொடை கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி நன்கொடை வாங்குவது குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ரசீது இல்லாத பணம்தான் நிற்கவில்லை. அதற்காகத் தாளின் அடியில் ‘ரசீது இல்லாமல் கேட்டது’ என்று ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

‘சொல்லவில்லை’ கட்டங்களை மட்டும் அலுவலகத்தில் கேளுங்கள். எல்.கே.ஜி.யில் ஒரு பிரிவுக்கு எத்தனை பிள்ளைகள், ஆயா உண்டா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால், சொன்னவர் யார், எந்தத் தேதி என்று அந்தக் கட்டத்திலேயே பென்சிலில் குறித்து வையுங்கள்.