பெயரை மறைத்தால் போதாது: எல்லையோர ஊரிலிருந்து ஒரு டேட்டிங் ப்ரொஃபைல்

கேள்வி: எனக்கு 32 வயது. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் தன்பாலீர்ப்பாளன் என்பது வீட்டிலும் தெரியாது, வேலையிடத்திலும் தெரியாது. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். டேட்டிங் செயலியில் போடுவதற்காக, “32, தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர், கஞ்சிக்கோடு. தமிழ்க் குடும்பம், மலையாளமும் பேசுவேன். புல்லட், வாலிபால், இளையராஜா. டிஸ்கிரீட்” என்று எழுதி, முகம் தெரியாமல் புல்லட்டில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். இது பாதுகாப்பானதுதானா?

பதில்: இல்லை. நீங்கள் பெயரையும் முகத்தையும் மறைத்திருக்கிறீர்கள்; ஆனால் சிறிய வட்டாரத்தில் ஒருவரைக் காட்டிக்கொடுப்பவை அவை இரண்டும் மட்டுமல்ல, தனித்தனியே பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் விவரங்கள் ஒன்றாகச் சேர்வதுதான். கஞ்சிக்கோட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்கள் பலர். அவர்களில் முப்பதை ஒட்டிய வயதினர் சிலர். அவர்களிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் குறைவு. அந்தச் சிலரில் புல்லட் ஓட்டி, மாலையில் வாலிபாலும் ஆடுகிறவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். உங்களோடு பணியாற்றும் ஒருவர் இந்த மூன்று வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் பெயரைச் சொல்லிவிடுவார். சென்னையிலோ கொச்சியிலோ இதே வரிகள் ஆயிரம் பேருக்குப் பொருந்தக்கூடும். உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் வட்டத்தில் “தமிழ்க் குடும்பம், மலையாளமும் பேசுவேன்” என்ற ஒரு வாக்கியமே எல்லையை ஒட்டிய சில ஊர்களைச் சுட்டிக்காட்டிவிடுகிறது.

ஆகவே எதை எழுதுவது, எதை விடுவது என்பதற்கு நான் ஓர் எளிய சோதனையைச் சொல்வதுண்டு. உங்களை வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிந்தவை எல்லாம் ப்ரொஃபைலுக்கு ஆகாதவை: வேலை, வண்டி, விளையாட்டுக் குழு, படித்த கல்லூரி, செல்லும் கோயில். உங்களோடு மனம்விட்டுப் பேசினால் மட்டுமே தெரியவருபவை எழுதத் தக்கவை: இரவில் எதைப் படிக்கிறீர்கள், எந்த மாதிரிப் பேச்சு உங்களுக்குப் பிடிக்கும், எது எரிச்சலூட்டும், என்ன மாதிரி உறவைத் தேடுகிறீர்கள் என்பவை. இவற்றை எத்தனை நுணுக்கமாக எழுதினாலும் உங்கள் சக ஊழியருக்கு அடையாளம் தெரியாது. அதேசமயம் உங்களைச் சந்திக்க விரும்பும் ஒருவருக்குப் பொறியாளர் என்ற பதவிப் பெயரைவிட அதிகம் சொல்லும். இந்த வழியில் உங்கள் வரைவை நான் இப்படி மாற்றுவேன்:

“முப்பதுகளில் இருக்கிறேன். பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையில் வாழ்க்கை. வரலாறு படிப்பேன், படித்ததைப் பற்றி வாதாடவும் பிடிக்கும். சமையல் பழகிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு ரசம் மட்டும் நன்றாக வருகிறது. வீட்டிலும் வேலையிடத்திலும் என்னைப் பற்றித் தெரியாது, அதனால் இங்கே முகப்படம் இல்லை; சில நாள் பேசிப் பழகிய பின் காட்டுவேன். நீடித்த நட்பு, அதிலிருந்து மேலே எதுவானாலும் சரி. முதல் சந்திப்பு கோவையில், பகலில், ஒரு காபி.”

வரலாறும் ரசமும் என் கற்பனை. அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையாக உள்ளதை எழுதுங்கள். மறைவு வேண்டும் என்பதற்காகப் பொய்யான வேலை, பொய்யான ஊர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பொய்யைப் பின்னால் திருத்தும்போது நல்ல மனிதராக இருந்தால் விலகிப்போவார், விடுபட்ட விவரத்தையோ எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. “டிஸ்கிரீட்” என்ற ஒற்றைச் சொல்லையும் எடுத்துவிட்டேன், ஏனெனில் இச்செயலிகளில் அதை மணமானவர் என்றோ பெயர் சொல்லாத ஒருமுறைச் சந்திப்பை மட்டும் நாடுகிறவர் என்றோ படிக்கிறவர்கள் உண்டு. காரணத்தை ஒரு முழு வாக்கியமாகச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. வீட்டில் பெண் பார்ப்பதை ப்ரொஃபைலில் எழுத வேண்டியதில்லை, ஆனால் ஒருவரைச் சந்திப்பதற்கு முன்பு அவரிடம் சொல்லிவிடுங்கள். நிச்சயம் வரை போய்விட்டால் இது உங்கள் அந்தரங்கம் மட்டுமல்ல, விவரம் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் ஆகிறது.

அடுத்தது படம். முகம் இல்லாவிட்டாலும் வண்டியின் நிறம், பின்னால் தெரியும் மதில், கையில் கட்டிய கயிறு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவை உங்களைத் தெரிந்தவருக்கு முகத்துக்குச் சமம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் படத்தை முன்பே எங்கேனும் பகிர்ந்திருப்பது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒருமுறை வைத்த படம் பார்த்தவர்களின் நினைவில் இருக்கும். இணையத்தில் பொதுவில் கிடக்கும் படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் தேடுகிறவர் அதன் மூலத்துக்கே போய்விட முடியும். உங்கள் விஷயத்தில் ஜாதகத்தோடு சேர்த்துத் தரகரிடம் கொடுத்த படமும் திருமணத் தளத்தில் வீட்டார் ஏற்றிய படமும் இருக்கக்கூடும். அவை எத்தனை குழுக்களில் சுற்றுகின்றன என்பதை எவராலும் சொல்ல முடியாது. எனவே இதற்கென்றே புதிதாக ஒரு படம் எடுங்கள்: வெற்றுச் சுவரின் முன், தோளுக்குக் கீழே, வேலைக்கு அணியாத சட்டையில். அதை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். முகத்தைக் காட்டும் நாள் வரும்போது படமாக அனுப்புவதைவிட, இருவரும் முகம் காட்டும் சிறிய வீடியோ அழைப்பு மேல். அதையும் பதிவு செய்ய முடியும் என்பதால் அந்த அழைப்பில் உடை களையும் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதியை நம்ப வேண்டாம், பக்கத்தில் இன்னொரு போனை வைத்து அதைப் படமெடுக்க எவராலும் முடியும்.

பலரும் கவனிக்காதது தொலைவு. கிரைண்டர் போன்ற செயலிகள் அருகில் இருப்பவர்களை முதலில் அடுக்குகின்றன, எத்தனை மீட்டர் என்றும் காட்டுகின்றன. அமைப்புகளில் Show Distance என்பதை அணைத்தால் எண் மறையும். ஆனால் வரிசை மாறாது, நீங்கள் அருகில் இருந்தால் அருகிலேயே தெரிவீர்கள். தொழிற்சாலை உணவகத்தில் நீங்கள் செயலியைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே உணவகத்தில் இன்னொருவர் திறந்தால், முகமில்லாத ஒரு ப்ரொஃபைல் அவர் திரையில் முதல் இடத்தில் நிற்கும். உங்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அது கீழே இறங்கும், மறுநாள் உங்கள் ஷிஃப்டோடு மீண்டும் மேலே வரும். மூன்று நாள் கவனித்தால் எந்த ஷிஃப்ட் என்பது தெரிந்துவிடும். வீட்டிலும் இதே கதைதான், கொழிஞ்சாம்பாறை போன்ற ஊரில் பட்டியலே குறுகியது. இருப்பிட அனுமதியைச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று வைத்து, வீட்டிலும் வேலையிடத்திலும் திறக்காமல், கோவைக்கோ பாலக்காடு நகரத்துக்கோ போகும்போது மட்டும் திறப்பதே நான் அறிந்த வழிகளில் மிகுந்த பயன் தருவது. வாரத்தில் ஒரு நாள் உக்கடத்தில் பேருந்து இறங்கி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருவது மெதுவான வழிதான், ஆனால் பெரிய நகரத்தில் நீங்கள் பலரில் ஒருவர். டிண்டரைப் பயன்படுத்தினால் Block Contacts என்ற வசதியில் சக ஊழியர்கள், உறவினர்களின் எண்களை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த எண்ணில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், வேறு எண்ணில் வைத்திருந்தால் தெரிவீர்கள்.

இத்தனையும் செய்தபின் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். அந்த எண்ணை ஜிபேயிலோ போன்பேயிலோ தட்டினால் வங்கியில் உள்ள உங்கள் முழுப்பெயர் வந்து நிற்கும். ட்ரூகாலரில் தேடினால், சக ஊழியர் ஒருவர் நிறுவனப் பெயரோடு சேர்த்து உங்களைச் சேமித்திருந்தால், அதுவும் வெளிப்படலாம். ஆகவே சில வாரங்கள் செயலிக்குள்ளேயே பேசுங்கள். வெளியே வரத்தான் வேண்டும் என்றால் டெலிகிராமில் பயனர் பெயர் ஒன்றை வைத்து, Privacy and Security பகுதியில் Phone Number என்பதை Nobody என்று மாற்றிவிட்டு, அந்தப் பயனர் பெயரை மட்டும் கொடுங்கள்; அங்கே புதிதாகச் சேரும்போது உங்கள் எண்ணை வைத்திருப்பவர்களுக்கு அறிவிப்புப் போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் காபிக் காசை ரொக்கமாகவே கொடுங்கள், பாதிப் பணத்தை யுபிஐயில் அனுப்பினாலும் பெயர் போய்விடும்.

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தெரிந்தவர் ஒருவர் என்றாவது எதிர்ப்படலாம். அது சக ஊழியராக இருந்தால் அவரும் அதே செயலியில்தான் இருக்கிறார். கெஞ்சியோ மறுத்தோ எழுதாமல் பேசாமல் தடுத்துவிடுங்கள், தடுத்தபின் இருவருமே ஒருவருக்கொருவர் தெரியமாட்டீர்கள். உண்மையில் அஞ்ச வேண்டியவர் வேறு ஒருவர்: முதல் நாளிலேயே நிறுவனத்தின் பெயர் கேட்பவர், முகத்தோடு நிர்வாணப் படம் கேட்பவர், பேசி வைத்த காபிக்கடையைக் கடைசி நிமிடத்தில் மாற்றி வாளையாறு பக்கம் ஒதுக்குப்புறமாக வரச் சொல்பவர். இப்படி அழைத்துப்போய்ப் போனைப் பிடுங்கிப் பணம் அனுப்பவைத்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவதாக மிரட்டுவது பல இடங்களில் நடந்திருக்கிறது. இடம் மாறினால் போகாதீர்கள், அவ்வளவுதான்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலையும் ப்ரொஃபைலையும் திரைப்பதிவு எடுத்துவிட்டு அதன் பிறகே தடுங்கள், ஏனெனில் சில செயலிகளில் தடுத்தவுடன் உரையாடலே மறைந்துவிடும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், தாமதமானால் பணம் வேறு கணக்குகளுக்கு மாறிவிடும், புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். வயது வந்த இருவரின் சம்மதத்தோடு நடப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது; மிரட்டிப் பணம் பறிப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி குற்றம். அந்தரங்கப் படம் அவர் கையில் இருந்தால் StopNCII.org தளத்தில் உங்கள் போனிலிருந்தே அந்தப் படத்தை அடையாளம் காட்டும் எண்சரத்தை உருவாக்கிப் பதிந்துவிடலாம், படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதில் இணைந்துள்ள தளங்களில் அது ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்குவார்கள், இணையாத தளங்களிலும் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்திகளிலும் அதனால் எதுவும் செய்ய முடியாது. காவல் நிலையத்துக்குப் போக நேர்ந்தால், இணையத்தில் அறிமுகமான ஒருவர் அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்கிறார் என்று தொடங்குங்கள். உரையாடலைப் படிக்கும் அதிகாரிக்கு மற்றது தெரியவரலாம், ஆனால் குற்றம் செய்தவராக அங்கே நிற்பது நீங்கள் அல்ல. தனியாகப் போகத் தயங்கினால் ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லுங்கள், புகாரை எழுத்தில் கொடுத்து அதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.